சாரம் போதாது: பூச்சிமருந்து உறையை மொழிபெயர்ப்பது பற்றி ஒரு மறுப்பு

பெங்களூருவின் பழைய கண்டோன்மென்ட் பகுதியில் ரிச்சர்ட்ஸ் டவுன், அதை அடுத்துள்ள பிரேசர் டவுன், குக் டவுன் போன்ற இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களில் உறவும் நிலமும் இருப்பது இயல்பு. அந்த உறவினர்களில் உழவு செய்வோர், பூச்சிமருந்துப் புட்டியையோ உறையையோ கைபேசியில் படம்பிடித்து அனுப்பி, அதில் எழுதியிருப்பதைத் தமிழில் சொல்லுமாறு கேட்பதும் இப்போது இயல்பாகிவிட்டது. இத்தகைய வேண்டுகோளுக்கு எப்படி விடையளிப்பது என்பதில் படித்தவர்களிடையே ஏறத்தாழ ஒருமித்த கருத்து ஒன்று நிலவுகிறது. உழவருக்கு அனுபவம் உண்டு, உறையின் பெரும்பகுதி சட்டத்துக்காக அச்சிடப்பட்ட சம்பிரதாயம், அதை முழுவதும் மொழிபெயர்த்தால் யாரும் படிக்கப்போவதில்லை, எனவே எந்தப் பூச்சிக்கு, ஒரு டேங்குக்கு எத்தனை மூடி என்ற சாரத்தைச் சொன்னால் போதும் என்பதே அக்கருத்து. இது அன்பிலிருந்து பிறக்கும் கருத்து என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது தவறானது என்பதும், உறையில் உள்ள எண்ணும் எதிர்மறைச் சொல்லும் சாரத்துக்குள் அடங்காதவை என்பதும், சுருக்கிச் சொல்பவர் தம்மை அறியாமலேயே மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்திலிருந்து மருந்தின் அளவை நிர்ணயிப்பவர் என்ற இடத்துக்கு மாறிவிடுகிறார் என்பதும் இங்கே நிறுவப்படும்.

இந்த வேண்டுகோள் ஏன் எழுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 1971இல் இயற்றப்பட்ட விதிகள், உறையின் மீதுள்ள சீட்டும் உள்ளே வைக்கப்படும் துண்டறிக்கையும் இந்தியிலும் ஆங்கிலத்திலும், அப்பொருள் இருப்பு வைக்கப்பட்டு விற்கப்படக்கூடிய பகுதியில் வழங்கும் ஒன்றிரண்டு வட்டார மொழிகளிலும் இருக்க வேண்டும் என்கின்றன. விதி விற்கும் இடத்தின் மொழியைக் கருதுகிறதே அன்றி, வாங்குபவரின் மொழியைக் கருதவில்லை. பெங்களூருவிலோ ஆனேக்கல்லிலோ வாங்கிய புட்டியில் கன்னடம் இருக்கும். அதே புட்டி அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூர் வட்டத்துத் தக்காளித் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது, அதில் தமிழ் இல்லாமல் போக வாய்ப்புண்டு. நாற்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் சட்டம் உழவருக்குத் தந்த பாதுகாப்பின் ஒரு பகுதி இவ்வாறு உதிர்ந்துபோகிறது. அந்த இடைவெளியை நிரப்புமாறுதான் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருப்பவர் கேட்கப்படுகிறார். உற்பத்தியாளர் எந்த விவரத்தையும் விட்டுவிடக் கூடாது என்று சட்டம் கட்டாயப்படுத்தும் ஒரு வேலையைத்தான் அவர் அவ்வேளையில் செய்கிறார்.

சாரம் போதும் என்போரின் முதல் ஊன்றுகோல் அளவு பற்றியது. லிட்டருக்கு இரண்டு மில்லி என்ற பொதுக்கணக்கு ஊரெங்கும் வழங்குகிறது என்றும், உறையில் இருப்பதும் ஏறக்குறைய அதுதான் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். இதை ஒரு மருந்தை எடுத்துக்கொண்டு சோதிப்பதே முறை. சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குப் பரவலாகப் பயன்படுத்தப்படும் இமிடாகுளோபிரிட் 17.8 விழுக்காடு எஸ்.எல். என்பது அத்தகைய ஒரு மருந்து. எஸ்.எல். என்ற ஈரெழுத்து, அது நீரில் முற்றிலும் கரையும் திரவம் என்பதைக் குறிக்கிறது. தக்காளியில் வெள்ளை ஈக்கு எதிராக இதற்கு அங்கீகரிக்கப்பட்ட அளவு ஒரு ஹெக்டேருக்கு 150 முதல் 175 மில்லி, கலக்க வேண்டிய நீர் 500 லிட்டர், கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையில் விட வேண்டிய நாட்கள் 3. உறையின் அட்டவணையில் இவை ஒரே வரிசையில் அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கும்.

உழவர் ஹெக்டேரில் எண்ணுவதில்லை. ஓசூரில் ஏக்கரும் சென்ட்டும், எல்லைக்கு அப்பால் ஏக்கரும் குண்டேயும் வழங்குகின்றன. ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 2.47 ஏக்கர் ஆகையால், ஓர் ஏக்கர் தக்காளிக்கு வேண்டிய மருந்து சுமார் 61 முதல் 71 மில்லி, நீர் சுமார் 202 லிட்டர். முதுகில் சுமக்கும் 15 லிட்டர்த் தெளிப்பானில் இது பதின்மூன்றரை டேங்க் ஆகும். ஒவ்வொரு டேங்குக்கும் நாலரை முதல் ஐந்தேகால் மில்லி மருந்து போதும். அதாவது லிட்டருக்கு 0.3 முதல் 0.35 மில்லி. இதற்கு மாறாக, லிட்டருக்கு இரண்டு மில்லி என்ற பொதுக்கணக்கைப் பின்பற்றினால் ஒரு டேங்கில் 30 மில்லி விழும். ஹெக்டேருக்கு அது ஒரு லிட்டராகும், அங்கீகரிக்கப்பட்ட அளவைப்போல் ஆறு மடங்கு. ஒரு மூடி என்று சொன்னாலும் நிலை தேறாது. மூடியின் கொள்ளளவு புட்டிக்குப் புட்டி மாறும். பத்து மில்லி பிடிக்கும் மூடியாக இருந்தால் அந்த ஒரு மூடியே ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஏறக்குறைய அதுதான் என்ற வாதம் இந்த ஒரு கணக்கிலேயே விழுந்துவிடுகிறது.

இங்கே எதிர்த்தரப்பார் வேறொன்று சொல்லக்கூடும். உழவருக்கு டேங்குக் கணக்குதானே வேண்டும், மேற்கண்ட நாலரை மில்லியை மட்டும் கண்டுபிடித்துச் சொல்லிவிடலாமே என்பது அவர்கள் கேள்வி. இதுவும் ஏற்கத்தக்கதன்று. நாலரை மில்லி என்ற எண் தனியே நின்றால் பொருளற்றது. ஓர் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் நீர் தெளிக்கப்படுகிறது என்ற அனுமானத்தின் மேல்தான் அது நிற்கிறது. செடி சிறியதாக இருக்கும்போது உழவர் ஓர் ஏக்கரை நூறு லிட்டரிலேயே முடித்துவிட்டால், அதே நாலரை மில்லிக் கணக்கில் நிலத்துக்குப் பாதி மருந்துதான் சேரும். விசைத்தெளிப்பான் போன்ற கருவிகளில் நீரின் அளவே வேறு. ஆகவே உறையில் உள்ள அளவு என்பது மருந்து, நீர், நிலப்பரப்பு என்ற மூன்றும் சேர்ந்த ஒரே கூற்று. அதிலிருந்து எந்த ஒன்றையும் கழித்துவிட்டு மற்றவற்றைக் காப்பாற்ற முடியாது. மூல எண்களை உறையில் உள்ளபடியே முதலில் எழுதி, அவற்றின் கீழே ஏக்கருக்கும் டேங்குக்குமான கணக்கை, இது உறையில் இல்லாத கணக்கு, இத்தனை லிட்டர் நீர் என்று கொண்டு போடப்பட்டது என்ற குறிப்போடு தனியே தருவதே நேர்மையான முறை. 150 முதல் 175 வரை என்ற வீச்சையும் வீச்சாகவே விட வேண்டும். 160 என்று நடுவில் ஓர் எண்ணைத் தேர்ந்து கொடுப்பது, அங்கீகரித்த நிறுவனம் விட்ட இடத்தில் உறவினர் தம் முடிவை நிரப்புவதாகும்.

அட்டவணையின் கட்டங்களைப் பற்றி இன்னும் சற்று விரிவாகப் பேசுவது தகும், ஏனெனில் பிழைகள் பெரும்பாலும் பிறப்பது அங்கேதான். இந்திய உறைகளில் அளவுக்கு வழக்கமாக இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவது, பூச்சியைக் கொல்லும் வேதிப்பொருள் மட்டும் எத்தனை கிராம் என்பது. இதைச் செயல்படு பொருள் எனலாம். இரண்டாவது, புட்டியில் உள்ளபடியான கலவை எத்தனை மில்லி அல்லது கிராம் என்பது. தக்காளிக்கான வரிசையில் முதற்கட்டத்தில் 30 முதல் 35 என்றும், இரண்டாவதில் 150 முதல் 175 என்றும் இருக்கும். அளந்து ஊற்ற வேண்டியது இரண்டாவது. படத்தில் தலைப்பு வரி வெட்டுப்பட்டிருந்தால், முதற்கட்ட எண்ணையே மில்லி என்று எடுத்துச் சொல்லிவிட முடியும். அப்போது வயலுக்குப் போவது ஐந்தில் ஒரு பங்கு. பூச்சி சாகாது, உழவர் மருந்து போலி என்று எண்ணி மறுபடி அடிப்பார், அடுத்த முறை அளவை அவராகவே கூட்டுவார். குறைவாகச் சொன்ன பிழையும் இவ்வாறு மிகையில் போய் முடியக்கூடியது.

வரிசை மாறும் பிழை இதைவிடக் கொடிது. அதே மருந்துக்கு மிளகாயில் அங்கீகரிக்கப்பட்ட அளவு ஹெக்டேருக்கு 125 முதல் 250 மில்லி, காத்திருக்க வேண்டிய நாட்கள் 40. பொடி எழுத்தில் அச்சிட்டு, வளைந்த புட்டியின் மேல் ஒட்டி, வெயிலில் படம்பிடித்த சீட்டில் பார்வை ஒரு வரி நழுவுவதற்கு அதிக முயற்சி வேண்டியதில்லை. மூன்று நாட்களும் நாற்பது நாட்களும் அப்படி இடம் மாறிவிட்டால், மிளகாய் பறிக்கும் உழவர் முப்பத்தேழு நாட்கள் முந்திப் பறிப்பார். பச்சை மிளகாயைத் தொடர்ந்து பறிக்கும் தோட்டத்தில் நாற்பது நாட்கள் காத்திருப்பது நடவாத காரியம் என்று மொழிபெயர்ப்பவருக்குத் தோன்றலாம். அந்த எண்ணத்தில் உண்மையும் உண்டு. ஆனால் அந்த எண் சொல்வதே, காய் பறித்துக்கொண்டிருக்கும் கட்டத்தில் இம்மருந்து இப்பயிருக்கு உகந்ததன்று என்பதைத்தான். நடைமுறைக்கு ஒவ்வாதது என்று அதை விட்டுவிடுபவர், உழவர் வேறு மருந்தைத் தேடுவதற்கான ஒரே காரணத்தை அவர் கண்ணிலிருந்து மறைக்கிறார்.

அந்தக் கட்டத்தின் தலைப்பையும் முழுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காத்திருப்புக் காலம் என்று இரண்டு சொல்லில் எழுதினால், அடுத்த முறை அடிப்பதற்கு முன் காத்திருக்க வேண்டிய காலம் என்று உழவர் புரிந்துகொள்ள இடமுண்டு. அப்படிப் புரிந்துகொண்டால் மூன்று நாளைக்கொரு முறை தெளிப்பார். கடைசியாகத் தெளித்த நாளிலிருந்து பறிக்கும் நாள்வரை விட வேண்டிய நாட்கள் என்று நீட்டி எழுதுவதில் ஒரு நட்டமும் இல்லை.

மருந்தின் பெயர் மட்டும் போதும் என்று நினைப்பதும் இதே வகைப் பிழை. இமிடாகுளோபிரிட் 17.8 விழுக்காட்டுத் திரவமாகவும் கிடைக்கிறது, 70 விழுக்காடு டபிள்யூ.ஜி. என்ற, நீரில் கலைந்து பரவும் குருணையாகவும் கிடைக்கிறது. வெண்டைக்கு முதலாவது ஹெக்டேருக்கு 100 மில்லி, இரண்டாவது 30 முதல் 35 கிராம். இமிடாகுளோபிரிட் நூறு போடு என்ற செய்தி, குருணையை வாங்கி வைத்திருக்கும் உழவரிடம் போய்ச் சேர்ந்தால் அளவு மூன்று மடங்காகிவிடும். எனவே பெயர், விழுக்காடு, அதை அடுத்து வரும் எழுத்துகள் மூன்றையும் பிரிக்காமல் எழுத வேண்டும். மில்லியா கிராமா என்பதை எண்ணை ஒட்டியே எழுத வேண்டும். உரத்திலும் இந்நிலையே. 2022 அக்டோபர் முதல் மானிய உரங்கள் பாரத் என்ற ஒரே பெயரில், ஏறத்தாழ ஒரே தோற்றமுள்ள மூட்டைகளில் வருவதால், நிறத்தையும் படத்தையும் கொண்டு மூட்டையை அடையாளம் கண்ட பழக்கம் பயனற்றுப்போய், அச்சிட்ட சொல்லும் எண்ணுமே அடையாளமாகிவிட்டன.

இனி இரண்டாவது ஊன்றுகோல். உறையில் உள்ள எச்சரிக்கைகள் எல்லா உறையிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன, அவை நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ள அச்சிடுபவை, அவற்றை ஜாக்கிரதை என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடலாம் என்பது அது. அவை ஒன்றுபோல் இல்லை என்பதே இதற்கு மறுப்பு. 1971ஆம் ஆண்டு விதிகளின்படி, சீட்டின் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாத இடத்தில், சாய்த்து வைத்த ஒரு சதுரம் இருக்க வேண்டும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தில் ஒரு நிறமும், மேல்பாதியில் ஒரு சொல்லும் இருக்கும். சோதனை விலங்குகளுக்கு வாய்வழி கொடுக்கும்போது அவற்றில் பாதி இறப்பதற்கு உடல் எடையின் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்ற கணக்கைக் கொண்டு இவை வகுக்கப்பட்டுள்ளன. 50 மில்லிகிராம் வரை சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. எண் குறையக் குறைய நஞ்சு கடுமையாகிறது. சிவப்பில் மண்டையோட்டுக் குறியும் நஞ்சு என்ற சொல்லும், மஞ்சளில் நஞ்சு என்ற சொல்லும், நீலத்தில் அபாயம் என்ற சொல்லும், பச்சையில் எச்சரிக்கை என்ற சொல்லும் இருக்க வேண்டும். கன்னடத்திலும் தமிழிலும் அபாயம், எச்சரிக்கை என்ற சொற்கள் ஒரே பொருளில் வழங்குவதால் இவற்றை மாற்றாமல் கொண்டுவருவதில் எந்தச் சிரமமும் இல்லை. நான்கையும் ஜாக்கிரதை என்று சொல்லிவிடும் மொழிபெயர்ப்பாளர், சட்டம் நான்கு படிகளாகக் கட்டியதை ஒரே தளமாக்கிவிடுகிறார். உழவருக்குப் பச்சைக்கும் சிவப்புக்கும் இடையில் நூறு மடங்கு வேறுபாடு இருக்கக்கூடும் என்ற செய்தி போய்ச் சேருவதே இல்லை. பச்சை முக்கோணத்தைக் கண்டு இது இயற்கை மருந்து, ஒன்றும் செய்யாது என்று ஆறுதல் சேர்ப்பது இன்னொரு கொடுமை. பாதுகாப்பானது, நஞ்சற்றது என்ற சொற்களை உறையில் அச்சிடுவதற்கு உற்பத்தியாளருக்கே அவ்விதிகளில் இடமில்லை. உற்பத்தியாளருக்குத் தடை செய்யப்பட்ட சொல்லை உறவினர் அன்பின் பெயரால் சேர்க்கலாகாது.

நஞ்சு என்ற சொல்லைப் பற்றித் தமிழர் தனியே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ் உழவர் வழக்கில் பூச்சிக்கொல்லியின் பெயர் மருந்து. மருந்து அடிப்பது என்றால் அனைவருக்கும் புரியும், பேச்சில் அச்சொல்லைத் தவிர்ப்பது செயற்கையாகவும் இருக்கும். ஆனால் நோய் தீர்ப்பதற்கும் உயிர் எடுப்பதற்கும் ஒரே பெயரை வைத்துள்ள மொழியில், உறை நஞ்சு என்று சொல்லும் இடத்திலேனும் நஞ்சு என்றோ விஷம் என்றோதான் சொல்லியாக வேண்டும். முறிமருந்து பற்றிய வரியில் இந்தக் குழப்பம் உச்சத்தை அடைகிறது. மருந்து உள்ளே போய்விட்டால் இந்த மருந்தைக் கொடுக்க வேண்டும் என்று எழுதினால், எந்த மருந்து எதற்கு என்பது பதற்றத்தில் படிப்பவருக்கு விளங்காது. மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சுகளுக்கு அட்ரோபின் முறிமருந்தாகக் குறிக்கப்படும். இமிடாகுளோபிரிட்டுக்கோ களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கோ தனிப்பட்ட முறிமருந்து இல்லை. தனி முறிமருந்து இல்லை என்ற வரியும் ஒரு செய்திதான். உள்ளூரில் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதற்கு அதைவிட வலுவான காரணம் கிடையாது. இந்த வரி உழவருக்கு மட்டுமன்றி, அவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கும் எழுதப்பட்டது. ஆகவே வேதிப்பெயரைத் தமிழில் எழுதுவதோடு, மூலச் சீட்டின் படத்தையும் அழிக்காமல் வைத்திருக்குமாறு சொல்ல வேண்டும்.

எதிர்மறைச் சொற்களில் இரு மொழிகளின் அமைப்பும் ஒரு சதி செய்கிறது. ஆங்கில எச்சரிக்கையில் செய்யாதே என்ற சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் வருகிறது. தமிழில் கூடாது என்ற சொல் கடைசியில் வருகிறது. படத்தின் இடது ஓரம் வெட்டுப்பட்டாலோ, உறையின் மடிப்பில் வரியின் முதற்சொற்கள் மறைந்தாலோ, ஆங்கிலத்தில் தடை காணாமற்போய் ஏவல் மட்டும் மிஞ்சும். தமிழில் பேசி அனுப்பும் குரல்செய்தி கடைசி நொடியில் அறுந்தால் அங்கும் அதுவே நேரும். நஞ்சு உட்கொண்டவரை வாந்தி எடுக்க வைக்கலாமா என்ற வரியில் இது உயிர்ப் பிரச்சினை. உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது கிராமங்களில் நெடுங்காலமாக உள்ள பழக்கம். சில உறைகளில் வாந்தி எடுக்க வைக்கச் சொல்லியும் இருக்கும். ஆனால் எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைத்த இ.சி. வகைக் கலவைகளில் வாந்தி எடுக்கும்போது அந்தக் கரைப்பான் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும் அபாயம் இருப்பதால் அது தடுக்கப்படுகிறது. மொழிபெயர்ப்பவர் தம் ஊர்ப்பழக்கத்தை நினைவில் கொண்டு இந்த வரியை நிரப்பினால், உறை எதைத் தடுத்ததோ அதையே ஏவிவிடுவார். தமிழில் வாந்தி வேண்டாம் என்று முதலில் தடையைச் சொல்லிவிட்டு, பின்னர் விளக்கத்தைச் சொல்வது இதற்கு ஓரளவு காப்பாகும்.

சம்பிரதாய வரிகள் என்று ஒதுக்கப்படுபவற்றில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது, காலிக் கலன்களை மறுபடி பயன்படுத்தக் கூடாது, உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்ற வரி. 2013 ஜூலை 16ஆம் நாள் பீகாரின் சாரண் மாவட்டத்தில் தர்மசதி கண்டாமன் என்ற ஊரின் தொடக்கப்பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் இறந்தனர். உணவில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ். அந்தப் பூச்சிக்கொல்லி இருந்த கலனில் வைக்கப்பட்ட சமையல் எண்ணெயின் வழியாக அது உணவுக்குள் சென்றதாக விசாரணைகள் சுட்டின. சிவப்பு முக்கோணம் உள்ள அந்தப் பொருளின் உறையில் கலனைப் பற்றிய வரி கட்டாயம் அச்சிடப்பட வேண்டியது. அந்த வரி யாரையும் காக்காத சம்பிரதாயம் என்று இதற்குப் பிறகும் ஒருவர் வாதிட முடியாது. அது மக்களைச் சென்று சேராமல் போனதுதான் அங்கு நடந்தது. இதே மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிப் பயிர்களில் பயன்படுத்துவதற்கு 2005 முதலே இந்தியாவில் தடை இருந்தது. காய்கறிகளுக்கு உரியதன்று என்ற ஒற்றை வரியை, உழவர் கேட்டது அளவைத்தானே என்று மொழிபெயர்ப்பவர் தாண்டிப் போயிருந்தால், அளவை எவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருந்தாலும் அந்த மொழிபெயர்ப்பு பொய்யானதே.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த உழவர்களும் கூலியாட்களும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, உறையில் எல்லாம் எழுதியிருந்தது, அவர்கள்தான் கையுறையும் முகமூடியும் அணியவில்லை என்ற பேச்சு எழுந்தது. ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடிகள், பல மருந்துகளை ஒன்றாகக் கலந்த பழக்கம், மென்துளியாகச் சிதறடிக்கும் தெளிப்பான்கள், பாதுகாப்பு உடையின்மை எனப் பல காரணங்கள் அங்கே சேர்ந்திருந்தன, எல்லாப் பழியையும் மொழியின் மேல் சுமத்துவது மிகையாகும். ஆயினும் எழுதியிருந்தது என்பது படிக்கப்பட்டது என்பதற்குச் சமமாகாது. தெளிப்பவர் நிலத்தின் உரிமையாளர் அல்லர், கூலிக்கு வந்தவர் என்ற நிலை வேறு எங்கும் இருப்பதுபோல் ஓசூர்ப் பக்கத்திலும் உண்டு. உரிமையாளருக்கு அனுபவம் இருக்கிறது என்பது முதுகில் டேங்கைச் சுமப்பவருக்கு எந்த வகையில் காப்பாகும் என்பதற்கு அனுபவ வாதம் பேசுவோரிடம் விடை இல்லை. காற்றை எதிர்த்துத் தெளிக்கக் கூடாது, தெளிக்கும்போது உண்ணவோ புகைக்கவோ கூடாது என்பன போன்ற வரிகள் அந்தக் கூலியாளுக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டியவை.

எதிர்த்தரப்பின் வாதங்களில் உண்மையாகவே வலுவுள்ளது ஒன்றுதான். நீண்ட செய்தியை வயலில் நிற்பவர் படிக்கமாட்டார் என்பது அது. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் இதிலிருந்து பெறப்படுவது வரிசையை மாற்றலாம் என்ற முடிவே அன்றி, உள்ளடக்கத்தைக் குறைக்கலாம் என்ற முடிவன்று. முக்கோணத்தின் நிறம், பயிரின் பெயர், ஹெக்டேர் அளவும் நீரும், பறிக்கும்வரை விட வேண்டிய நாட்கள் ஆகியவற்றை முதற்செய்தியில் அனுப்பி, பாதுகாப்பு உடை, முதலுதவி, முறிமருந்து, கலன் பற்றிய வரிகளை அடுத்த செய்தியில் முழுமையாக அனுப்பி, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவருக்கு அதையே குரலிலும் பேசி அனுப்பினால், நீளம் என்ற குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். குரலில் எண்களைச் சொல்லும்போது புள்ளியை விழுங்காமல், பூச்சியம் புள்ளி மூன்று மில்லி என்று முழுவதுமாகச் சொல்லி, பூச்சியத்தை விடாமலிருப்பது முக்கியம். புள்ளி விழுங்கப்பட்டால் லிட்டருக்கு மூன்று மில்லி ஆகிவிடும், அது பத்து மடங்கு.

படமே தெளிவில்லாதபோது என்ன செய்வது என்பதில்தான் மொழிபெயர்ப்பவரின் நேர்மை இறுதியாகச் சோதிக்கப்படுகிறது. வெளிச்சம் பட்டு வெளுத்த இடத்தில் இருப்பது 1 என்பதா 7 என்பதா என்று தெரியாதபோது, மற்ற மருந்துகளை வைத்து ஊகித்து நிரப்புவது உதவியன்று. சீட்டை நிழலில் வைத்து, புட்டியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, அட்டவணையின் தலைப்பு வரி விழும்படி இன்னொரு படமும், உள்ளே மடித்து வைத்துள்ள துண்டறிக்கையின் இருபுறப் படங்களும் கேட்க வேண்டும். அவை வரும்வரை, தெரியாத கட்டத்தில் இங்கே எண் படிக்க இயலவில்லை என்றே எழுத வேண்டும். அதுவரை தெளிப்பைத் தள்ளிப்போடும்படி சொல்ல நேர்ந்தால் சொல்ல வேண்டும். ஒரு மாலை தள்ளிப்போனால் வெள்ளை ஈ கொஞ்சம் பெருகும், அதற்கு மறுநாள் தெளித்துக்கொள்ளலாம். பயிருக்கு எது உகந்தது என்ற கேள்வி எழுந்தால் அதை மொழிபெயர்ப்பவர் ஏற்கத் தேவையில்லை. வட்டார வேளாண் அலுவலகமும், தமிழிலேயே பேசும் கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணும் அதற்காகவே இருக்கின்றன. ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்தப் படத்தைத் திறந்து பார்ப்பவர் செய்ய வேண்டியது, உறையில் உள்ளதை உள்ளபடி, ஓர் எண்ணும் ஒரு கூடாதும் குறையாமல், தமிழில் சேர்ப்பது மட்டுமே.